குறைந்த அபாயப் புராஸ்டேட் புற்றுநோயில் தீவிரக் கண்காணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடனே சிகிச்சை தராமல் சோதனைகளால் நோயைத் தொடர்ந்து கவனித்துவரும் தீவிரக் கண்காணிப்பில் இருப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்கே வருகின்றன: இரத்தச் சோதனையில் வரும் பி.எஸ்.ஏ. எண் ஏறினால் என்ன செய்வது? ஆகவே அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியாகிவிட்டது. பிறகும் சிகிச்சை கொடுக்காமல் வைத்திருப்பது எப்படிச் சரி?

புராஸ்டேட் புற்றுநோய்களில் ஒரு வகை மிக மெதுவாக வளரும். சுரப்பியை விட்டு வெளியே பரவுவது அதற்கு மிக அரிது. அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ செய்தால் அந்தக் கட்டி போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் சிறுநீர்க் கசிவு, விறைப்புக் குறைபாடு, மலக்குடல் எரிச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நீண்ட காலம் கூடவே இருந்துவிடக்கூடும். வாழ்நாளில் தொல்லை தராமலே போகக்கூடிய ஒரு கட்டிக்காக அந்த விலையை இப்போதே கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

டொராண்டோவில் லாரன்ஸ் குளோட்ஸ் என்ற சிறுநீரியல் அறுவை மருத்துவரின் குழு 1995-இல் தீவிரக் கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. 2015-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் இருந்த 993 பேரில், அதுவரை இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 15 பேர். வேறு காரணங்களால் இறந்தவர்கள் அதைப் போலப் பல மடங்கு. அந்த 993 பேரில் நடுத்தர அபாயம் உள்ளவர்களும் சேர்ந்திருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதற்குப் பெயர்தான் கண்காணிப்பு; உண்மையில் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதுதானே?

இல்லை. ஒன்றும் செய்யாமல், தொல்லை வந்தால் மட்டும் அதைத் தணிக்கும் வழி ஒன்று தனியாக இருக்கிறது. முதுமையாலோ வேறு கடும் நோயாலோ பெரிய சிகிச்சையைத் தாங்க முடியாதவர்களுக்கு அது பொருந்தும். நோயை முற்றிலும் நீக்குவது அதன் குறிக்கோள் அன்று. தீவிரக் கண்காணிப்பில் குறிக்கோள் வேறு. நோய் தன் குணத்தை மாற்றிக்கொண்டால், குணப்படுத்தக்கூடிய கட்டத்திலேயே அதைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு மாறுவதற்காகவே ஆண்டுக்கணக்கில் சோதனைகள் நடக்கின்றன. சோதனைகளுக்கு வராமல் நின்றுவிட்டவர் கண்காணிப்பில் இல்லை. அவர் வெறுமனே சிகிச்சை பெறாமல் இருக்கிறார்.

அப்பாவின் அறிக்கையில் கிளீசன் 3+3=6 என்று இருக்கிறது. பத்துக்கு ஆறு என்றால் பாதியைத் தாண்டிவிட்டதே?

இந்த அச்சம் மிகப் பலருக்கு வருகிறது, அதற்குக் காரணம் அந்த எண்முறைதான். திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்கூறியல் மருத்துவர், செல்கள் அமைந்திருக்கும் ஒழுங்குக்கு ஒரு தரம் கொடுத்து, அதிகம் காணப்படும் தரத்தையும் அடுத்ததையும் கூட்டி எழுதுகிறார். இன்றைய நடைமுறையில் பயாப்சியில் மூன்றுக்குக் கீழான தரம் கொடுக்கப்படுவதில்லை. ஆகவே ஆறு என்பதுதான் நடைமுறையில் மிகக் குறைந்த கூட்டுத்தொகை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2014-இல் ஒன்று முதல் ஐந்து வரையிலான தரக்குழுக்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. 3+3 என்பது முதல் தரக்குழு, 3+4 என்பது இரண்டாவது, 4+3 என்பது மூன்றாவது.

கிளீசன் ஆறாக இருப்பதோடு பி.எஸ்.ஏ. பத்துக்குக் கீழும், கட்டி விரலால் தொட்டு உணர முடியாத அளவிலோ ஒரு பக்கத்தின் பாதிக்குள்ளோ இருந்தால், அதைக் குறைந்த அபாயம் என்கிறார்கள். இதனுடன் பி.எஸ்.ஏ. அடர்த்தியையும் பார்ப்பது நல்லது. பி.எஸ்.ஏ. எண்ணைச் சுரப்பியின் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அது, 0.15-க்குக் கீழிருந்தால் ஆறுதலான செய்தி.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட ஒருவர்: வயது 62, பி.எஸ்.ஏ. 5.8, சுரப்பியின் அளவு 48 மில்லிலிட்டர். 5.8-ஐ 48-ஆல் வகுத்தால் 0.12. எடுத்த 12 திசுத் துண்டுகளில் இரண்டில் மட்டும் கிளீசன் 3+3. இவர் கண்காணிப்புக்கு நன்றாகப் பொருந்துகிறவர்.

எல்லோரும் இதில் சேரலாமா? யாருக்கு ஒத்துவராது?

பயாப்சி அறிக்கையில் "சல்லடை வடிவ அமைப்பு" என்றோ, "நாளத்துக்குள் பரவிய புற்றுநோய்" என்றோ இருந்தால், கூட்டுத்தொகை சிறியதாகத் தெரிந்தாலும் அந்த நோயின் போக்கு வேறு. பொதுவாகச் சிகிச்சையே அறிவுறுத்தப்படும். பி.ஆர்.சி.ஏ.2 மரபணுப் பிறழ்வு உள்ளவர்களுக்கு நோய் விரைந்து மாறும் வாய்ப்பு கூடுதல் என்பதால், மருத்துவர் மிகவும் யோசித்துத்தான் இதற்கு ஒப்புவார். நெருங்கிய உறவினர்களில் புராஸ்டேட், மார்பக, சூலகப் புற்றுநோய்கள் பலருக்கு வந்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கப்படாவிட்டாலும் சொல்லுங்கள்.

இப்போதுதான் பயாப்சி எடுத்தோம். ஓராண்டுக்குள் இன்னொன்று எதற்கு?

ஊசி எடுத்துவரும் திசு சுரப்பியின் மிகச் சிறிய பகுதி. முதல் பயாப்சியில் ஊசி தொடாமல் போன இடத்தில் கூடுதல் தரக் கட்டி ஒன்று இருந்திருக்கலாம். முதல் ஓரிரு ஆண்டுகளில் தரம் உயர்ந்ததாகச் செய்தி வரும்போது, பெரும்பாலும் நோய் வளர்ந்துவிட்டது என்பதல்ல பொருள். முன்பே இருந்தது இப்போது அகப்பட்டிருக்கிறது. ஆகவே கண்காணிப்பின் முதல் வேலை, "இது குறைந்த அபாயம்தான்" என்ற முடிவையே மறுபடி சரிபார்ப்பது.

இன்று அந்தச் சரிபார்ப்பு எம்.ஆர்.ஐ.யோடு தொடங்குகிறது. முதல் பயாப்சிக்கு முன்பே தரமான எம்.ஆர்.ஐ. எடுத்து, அதில் தெரிந்த இடத்தைக் குறிவைத்தே ஊசி செலுத்தியிருந்தால், உறுதிசெய்யும் பயாப்சியைச் சிலருக்குத் தள்ளிப்போடுவார்கள். எம்.ஆர்.ஐ. இல்லாமல் முதல் பயாப்சி நடந்திருந்தால் தள்ளிப்போடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நம் எடுத்துக்காட்டு நோயாளிக்கு எம்.ஆர்.ஐ.யில் 6 மில்லிமீட்டர் அளவுள்ள, ஐந்துக்கு மூன்று என்று மதிப்பிடப்பட்ட ஓர் இடம் தெரிந்தது. அங்கிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் எடுத்த திசுவில் மறுபடியும் 3+3-தான்.

எந்தச் சோதனையை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

உலகம் முழுவதற்கும் ஒரே அட்டவணை கிடையாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் முதல் ஆண்டில் 3 முதல் 4 மாதங்களுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., 12 மாதத்தில் விரல் பரிசோதனை, 12 முதல் 18 மாதத்துக்குள் எம்.ஆர்.ஐ. என்கிறது, இரண்டாம் ஆண்டிலிருந்து பி.எஸ்.ஏ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். நெதர்லாந்தில் 2006-இல் தொடங்கி பல நாடுகளுக்குப் பரவிய பிரயாஸ் ஆய்வுத்திட்டம், பயாப்சியை 1, 4, 7, 10-ஆம் ஆண்டுகளில் வைத்தது.

உங்கள் மருத்துவரின் அட்டவணை இவற்றிலிருந்து சற்று வேறுபட்டால் கவலை வேண்டாம். ஆனால் அட்டவணை என்று ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். "அவ்வப்போது வந்து பாருங்கள்" என்பது அட்டவணை அல்ல.

ஆறு மாதத்துக்கு முன் 6.4 இருந்தது, இப்போது 8.9. நோய் பரவத் தொடங்கிவிட்டதா?

அந்த ஓர் எண்ணிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. பி.எஸ்.ஏ. என்பது சுரப்பியின் இயல்பான செல்களும் சுரக்கும் ஒரு புரதம். சுரப்பி வயதோடு பெருத்தாலும், அதில் அழற்சியோ சிறுநீர்த்தொற்றோ வந்தாலும் அது ஏறும். ஒரு குறையும் இல்லாதவருக்கே இரண்டு சோதனைகளுக்கு இடையில் 15 முதல் 20 விழுக்காடு வேறுபாடு வரலாம். நம் எடுத்துக்காட்டு நோயாளியின் வரிசை 5.8, 6.2, 5.6, 6.4, பிறகு திடீரென்று 8.9. சிறுநீர்ச் சோதனையில் தொற்று தெரிந்தது. மருந்து கொடுத்து, ஆறு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பார்த்தபோது 6.3. அந்த 8.9-ஐ வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் அது பெருந்தவறாக இருந்திருக்கும்.

கவலைப்பட வேண்டிய ஏற்றம் வேறு மாதிரி இருக்கும். அதே நோயாளிக்கு மூன்றாம் ஆண்டில் 7.4, அடுத்து 8.1, அடுத்து 8.4 என்று வந்தது. தொற்று இல்லை. இங்கே ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிடச் சற்றே கூடுதல்தான். ஆனால் இறங்கவே இல்லை. சுரப்பியின் அளவு 50 மில்லிலிட்டர். பெருத்ததால் ஏறியது என்றும் சொல்ல வழியில்லை. 8.4-ஐ 50-ஆல் வகுத்தால் 0.17, அடர்த்தி 0.15-ஐத் தாண்டிவிட்டது. திடீர்த் தாவலைவிட இந்த அமைதியான ஏறுமுகம்தான் என் கவனத்தை ஈர்க்கும்.

அப்படி ஏறினாலும் அடுத்த படி சிகிச்சை அன்று. ஏறிய பி.எஸ்.ஏ. எம்.ஆர்.ஐ.யைக் கேட்கிறது, எம்.ஆர்.ஐ.யில் மாற்றம் தெரிந்தால் அது பயாப்சியைக் கேட்கிறது. சிகிச்சைக்கான முடிவைத் திசுவே சொல்கிறது. ஆகவே எண்களைத் தேதியோடு ஒரே தாளில் வரிசையாக எழுதிவைத்து, பக்கத்தில் அந்த நேரத்துச் சுரப்பி அளவையும் தொற்று, புது மருந்து போன்றவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறிக்கையையும் தனித்தனியாகப் பார்த்து அஞ்சுவதற்கு இது எவ்வளவோ மேல்.

இரத்தம் கொடுக்கும் முன் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

முந்தைய இரண்டு நாட்களுக்கு விந்து வெளியேற்றமும், நீண்ட தூரச் சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். சிறுநீர்த்தொற்றோ பயாப்சியோ இருந்திருந்தால் குறைந்தது ஆறு வாரம் இடைவெளி விடுங்கள். முடிந்தவரை ஒரே ஆய்வகத்திலேயே கொடுங்கள். ஆய்வகங்கள் பயன்படுத்தும் முறைகள் வேறுபடுவதால் ஒரே நாளில் எடுத்த இரத்தத்துக்கே இரு இடங்களில் இரு எண்கள் வரலாம். உண்ணாமல் போக வேண்டிய தேவையில்லை.

சுரப்பி வீக்கத்துக்கு டூட்டாஸ்டரைடு சாப்பிடுகிறார். பி.எஸ்.ஏ. பாதியாகிவிட்டது. புற்றுநோய் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆபத்தாக முடியக்கூடிய தவறான ஆறுதல் இது. டூட்டாஸ்டரைடும் ஃபினாஸ்டரைடும் சுரப்பியைச் சுருக்கி, ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் பி.எஸ்.ஏ.வை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கின்றன. அது மருந்தின் இயல்பான விளைவு; கட்டியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதன் பிறகு வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பழைய எண்களோடு ஒப்பிட வேண்டும்.

ஒருவருக்கு மருந்துக்கு முன் 5.0 இருந்து, ஓராண்டில் 2.4-க்கு இறங்கி, பிறகு 3.4 ஆனது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்து 5.0-ஐவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் 3.4-ஐ இரண்டால் பெருக்கினால் 6.8. மேலும், மருந்து தொடரும்போதே தாழ்ந்த அளவிலிருந்து உறுதியாக மேலேறுவது, பெருக்கிப் பார்க்காமலே கவனிக்க வேண்டிய அறிகுறி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் விட்டிருந்தாலும் எண் இப்படி ஏறும். முதலில் அதைக் கேட்டறிய வேண்டும். இந்த மருந்தை எழுதிக் கொடுத்தவர் வேறொரு மருத்துவராக இருந்தால், கண்காணிப்பை நடத்துபவரிடம் அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. இனிப் பயாப்சி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

எம்.ஆர்.ஐ. மிகவும் உதவுகிறது, ஆனால் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. சில முக்கியமான கட்டிகள் அதில் தெரியாமல் போகின்றன. எம்.ஆர்.ஐ. தெளிவாக இருந்து, மேலே சொன்ன அடர்த்தியும் குறைவாக இருந்து, பி.எஸ்.ஏ. வரிசையும் அசையாமல் இருந்தால், அந்த ஆண்டுப் பயாப்சியைத் தள்ளிவைப்பது பற்றி மருத்துவரோடு பேசலாம். அடர்த்தி 0.15-ஐத் தாண்டியிருந்தால், தெளிவான எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது.

இன்னொன்று, எம்.ஆர்.ஐ. அறிக்கையைத் தனியாகப் படிக்காமல் முந்தையதோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதற்காகவே பிரிசைஸ் என்ற மதிப்பீடு இருக்கிறது: 3 என்றால் மாற்றமில்லை, 4 அல்லது 5 என்றால் வளர்ந்திருக்கிறது, 1 அல்லது 2 என்றால் குறைந்திருக்கிறது. பழைய படங்கள் அடங்கிய குறுந்தகடு இல்லாமல் போனால் இந்த ஒப்பீடு நடக்காது. காகித அறிக்கை மட்டும் போதாது.

திரும்பத் திரும்ப ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே?

புராஸ்டேட் பயாப்சியால் நோய் பரவுவதாகச் சான்று இல்லை என்றே சொல்லலாம்; ஊசிப் பாதையில் செல்கள் தங்கியதாகச் சொல்லப்படும் நிகழ்வுகள் மிக மிக அரிது. உண்மையான அபாயம் தொற்று. மலக்குடல் வழியாக ஊசி செலுத்தும்போது அங்குள்ள கிருமிகள் இரத்தத்துக்குள் போகலாம். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாகச் செலுத்தினால் அந்த அபாயம் குறைவு என்பதால், பல இடங்களில் இம்முறைக்கு மாறிவருகிறார்கள்.

சிறுநீரில் சில நாட்கள், விந்தில் சில வாரங்கள்கூட, இரத்தம் கலந்து வருவது இயல்பு. ஆனால் குளிரோடு காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்தக் கட்டத்தில் கண்காணிப்பை நிறுத்திச் சிகிச்சைக்கு மாறுவது?

நம் எடுத்துக்காட்டு நோயாளியை இங்கே முடித்துவிடலாம். பி.எஸ்.ஏ. மெதுவாக ஏறியதால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 6 மில்லிமீட்டர் இருந்த இடம் 10 மில்லிமீட்டர் ஆகியிருந்தது; பிரிசைஸ் மதிப்பீடு 4. குறிவைத்து எடுத்த பயாப்சியில் மூன்று துண்டுகளில் 3+4, அதில் நான்காம் தரப் பகுதி சுமார் 10 விழுக்காடு, சல்லடை வடிவம் இல்லை. முதல் தரக்குழுவிலிருந்து இரண்டாவதுக்குப் போய்விட்டார்.

இப்போது இரண்டு வழிகள் உண்மையாகவே திறந்திருக்கின்றன. நான்காம் தரப் பகுதி இவ்வளவு சிறிதாக இருக்கும்போது சிலர் கண்காணிப்பைத் தொடர்கிறார்கள், இன்னும் நெருக்கமான அட்டவணையோடு. ஆனால் இவருக்கு வயது 65, உடல்நலம் நன்று, பி.எஸ்.ஏ.வும் படமும் திசுவும் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இப்படி மூன்றும் ஒத்துப்போகும்போது சிகிச்சை பக்கமே நான் சாய்வேன். பயாப்சியில் 4+3 அல்லது அதற்கு மேல் வந்திருந்தால் தயங்க இடமே இருந்திருக்காது. திசு மாறாமல், சிகிச்சை பெற்றால்தான் நிம்மதி என்று நோயாளியே முடிவெடுப்பதும் உண்டு. அதுவும் ஏற்கத்தக்க காரணம்தான், ஆனால் திடீரென்று ஏறிய ஒரே ஓர் எண்ணைப் பார்த்த வாரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

மூன்று ஆண்டு காத்திருந்து பிறகு சிகிச்சை எடுத்தால், காலம் கடந்துவிடாதா?

இதற்கு நேரான விடையை பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வு தருகிறது. 1643 பேரைக் குலுக்கல் முறையில் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்தார்கள். சுமார் 15 ஆண்டுகளுக்குப் பிறகு 2023-இல் வெளியான முடிவில், இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் முறையே 3.1, 2.2, 2.9 விழுக்காடு, இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடிய அளவே. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஆண்டுகளில் பின்னர் சிகிச்சைக்கு மாறினார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. நோய் உடலில் பிற இடங்களுக்குப் பரவியது கண்காணிப்புக் குழுவில் 9.4 விழுக்காடு, மற்ற இரண்டிலும் சுமார் 5 விழுக்காடு. அந்த ஆய்வில் கண்காணிப்பு பெரும்பாலும் பி.எஸ்.ஏ.வை மட்டுமே நம்பியிருந்தது, வரிசையான எம்.ஆர்.ஐ.யோ குறித்த காலப் பயாப்சியோ இல்லை, குறைந்த அபாயத்தைத் தாண்டியவர்களும் அதில் இருந்தார்கள். இன்று நாம் செய்யும் கண்காணிப்பு அதைவிடக் கடுமையானது. பி.எஸ்.ஏ. நன்றாக இருக்கிறது என்பதற்காக மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறவர், அந்தப் பழைய முறைக்கே திரும்புகிறார்.

அப்பாவுக்கு இப்போது 79 வயது, இதயக் கோளாறும் இருக்கிறது. இன்னும் எத்தனை ஆண்டுக்குப் பயாப்சி எடுத்துக்கொண்டே இருப்பது?

தரம் உயர்ந்தால் அறுவையோ கதிர்வீச்சோ அவருக்கு உண்மையில் கொடுக்கப்போகிறோமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இல்லை என்றால், அந்த முடிவுக்காகவே எடுக்கப்படும் பயாப்சிக்கும் வேலையில்லை. பொதுவாக, இனிப் பத்தாண்டு வாழும் வாய்ப்பு குறைவு என்று தெரியும் கட்டத்தில், இரண்டாம் கேள்வியில் சொன்ன தொல்லை தணிக்கும் வழிக்கு மாறுவார்கள். அப்போது பயாப்சியும் எம்.ஆர்.ஐ.யும் நின்றுவிடும், பி.எஸ்.ஏ. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மட்டும் போதும்.

இந்த மாற்றம் வாய்வழியாக நடந்துவிடாமல், எந்தத் தேதியிலிருந்து எது நிறுத்தப்பட்டது என்று மருத்துவக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். நிறுத்தியது தெரியாமல் இன்னொரு மருத்துவர் பழைய அட்டவணைப்படி மறுபடி பயாப்சிக்கு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. புதிதாக எலும்பு வலி, சிறுநீரில் இரத்தம், காரணம் தெரியாத எடை இழப்பு வந்தால் மட்டும் அடுத்த சோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.